ஐந்து நிமிட டெமோ: வேலைத் தேர்வுப் பேனல் முன் சைடு ப்ராஜெக்டைக் காட்ட ஒரு முழு ஸ்கிரிப்ட்

"சொந்தமா ஏதாவது செஞ்சிருந்தா அஞ்சு நிமிஷத்துல காட்டுங்களேன்" என்று பேனலில் ஒருவர் சொன்னதும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். ஆப்பைத் திறப்பார்கள், லாகின் செய்வார்கள், இடப்பக்க மெனுவை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக அழுத்துவார்கள். "இது டாஷ்போர்டு, இங்க ஆட் பண்ணலாம், இங்க எடிட் பண்ணலாம், இங்க டெலீட்." நேரம் முடிந்துவிடும். உங்களுக்கு ஃபார்ம் எழுதத் தெரியும் என்பதைத் தவிர எதிரில் இருப்பவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

நானும் அந்த மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: ஆப்பில் எத்தனை வசதி இருக்கிறது என்று யாரும் எண்ணுவதில்லை. வேலை சிக்கலான இடத்தில் என்ன முடிவு எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள், அதில் எதை இழந்தீர்கள், இவைதான் கேள்வி. ஆகவே ஐந்து நிமிடத்தையும் ஒரே ஒரு முடிவைச் சுற்றிக் கட்டுவதே இந்த வழிகாட்டியின் வழி. ஒரு ப்ராஜெக்டை எடுத்து, கடைசி வரை அதை வைத்தே செய்து பார்ப்போம்.

நம் கையிலுள்ள ப்ராஜெக்ட்

மளிகைக் கடைக் கடன் நோட்டு. கல்லாவில் கடைக்காரர், உள்ளே சரக்கு எடுத்துக் கொடுப்பவர் அவர் மனைவி. இருவரிடமும் ஆளுக்கொரு போன். "கணக்குல எழுதிக்கோங்கண்ணே" என்று வாடிக்கையாளர் சொன்னால் யார் கையில் போன் இருக்கிறதோ அவர் எழுதுவார். கடையில் சிக்னல் வரும், போகும். சிக்னல் இல்லாதபோதும் எழுத வேண்டும், வந்ததும் இரண்டு போன்களின் கணக்கும் ஒன்றாக வேண்டும். இதற்கு ஒரு வெப் ஆப்: சர்வீஸ் வொர்க்கர் திரையைச் சேமித்து வைக்கும், பதிவுகள் ப்ரவுசரின் `IndexedDB`-யில் நிற்கும், சர்வரில் ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்.

இந்த ஆப்பில் வாடிக்கையாளர் பட்டியல், மாதாந்திர ரிப்போர்ட், வாட்ஸ்அப்பில் பாக்கி நினைவூட்டல், இருட்டுத் தீம் என்று பலவும் இருக்கலாம். டெமோவில் இவை எதுவும் வராது.

முதல் வேலை: முடிவைக் கண்டுபிடிப்பது

ஸ்கிரிப்ட் எழுதும் முன் ஒரு தாளில் இந்த வாக்கியத்தை நிரப்புங்கள்: "எளிய வழி இது, அதை எடுத்திருந்தால் இது உடைந்திருக்கும், அதனால் இந்த வழியை எடுத்தேன்." நிரப்ப முடியாவிட்டால் அந்த ப்ராஜெக்ட் டெமோவுக்கு ஏற்றதல்ல, வேறொன்றை எடுங்கள்.

கடன் நோட்டுக்கு நிரப்பிப் பார்ப்போம். எளிய வழி, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பாக்கித் தொகையை ஒரு எண்ணாக வைத்து, வாங்கும்போது கூட்டி எழுதுவது. டீக்கடைக்காரருக்குப் பாக்கி 500 ரூபாய் என்று வையுங்கள். இரண்டு போனும் ஆஃப்லைனில் இருக்கின்றன. கல்லாவில் 120 ரூபாய்க்கு எழுதுகிறார்கள். அந்தப் போனில் பாக்கி 620. உள்ளே 80 ரூபாய்க்கு எழுதுகிறார்கள்; இந்தப் போனில் 580. சிக்னல் வந்ததும் இரண்டும் சர்வருக்குப் போகின்றன. கடைசியாகப் போனது எதுவோ அதுவே நிற்கும்: 620 அல்லது 580. உண்மையான பாக்கி 700. கடைக்காரருக்கு 80 ரூபாயோ 120 ரூபாயோ காணாமல் போகும், யாருக்கும் தெரியவும் தெரியாது.

அதனால் எடுத்த வழி: பாக்கியை எங்கும் சேமிப்பதில்லை. ஒவ்வொரு பற்றும் ஒவ்வொரு வரவும் தனிப் பதிவு. பதிவுகள் சேர்ந்துகொண்டே போகும், எதுவும் திருத்தப்படாது. பாக்கி வேண்டும்போது கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

```sql
SELECT SUM(amount) FROM entries WHERE customer_id = $1;
```

டெமோவில் காட்ட வேண்டிய கோட் இந்த ஒரு வரி மட்டுமே. மேலே சொன்ன 500, 120, 80, 700 என்ற நான்கு எண்களும்தான் டெமோவின் முதுகெலும்பு. எண்கள் சிறியதாகவும் மனக்கணக்கில் கூட்டக்கூடியதாகவும் இருப்பது வேண்டுமென்றே செய்தது. 1,347.50 என்று வைத்தால் பேனலில் இருப்பவர் கூட்டிப் பார்ப்பதிலேயே உங்களை விட்டுவிடுவார்.

நேரத்தைப் பிரிப்பது

யாருக்கு என்ன பிரச்சினை என்பதற்கு அரை நிமிடம். நேரடியாகச் செய்து காட்ட ஏறக்குறைய இரண்டு நிமிடம். ஏன் அப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒன்றேகால் நிமிடம். எது இன்னும் சரியில்லை என்பதற்கு முக்கால் நிமிடம். கடைசி அரை நிமிடம் காலி. ஆம், காலி. யாராவது நடுவில் ஒரு கேள்வி கேட்பார்கள், அல்லது சர்வர் எழுந்திருக்க நாலு விநாடி கூடுதலாக எடுக்கும். அதற்கான இடம் அது.

எழுதிய ஸ்கிரிப்டை வாய்விட்டுப் படித்து, கிளிக்குகளையும் செய்து, நாலரை நிமிடத்துக்குள் முடிகிறதா என்று பாருங்கள். மனத்துக்குள் படித்தால் நேரம் தவறாகவே வரும். முடியவில்லை என்றால் வேகமாகப் பேசிப் பழகாதீர்கள், சொற்களை வெட்டுங்கள்.

மேடையை அமைப்பது

நேர்காணல் பெரும்பாலும் வீடியோ காலில்தான் நடக்கிறது, அதற்கே முதலில் அமைப்போம். இரண்டு போன்கள் வேண்டும். ஆனால் லேப்டாப் ஒன்றே. குரோமில் இரண்டு டேப் திறந்தால் போதும் என்று தோன்றும், போதாது. ஒரே ப்ரொஃபைலில் ஒரே முகவரியைத் திறந்த இரண்டு டேப்களும் ஒரே `IndexedDB`-யைப் பகிர்ந்துகொள்ளும். இடப்பக்கம் எழுதியது சர்வரே இல்லாமல் வலப்பக்கமும் இருக்கும். பேனலில் ஒரு சீனியர் இருந்தால் அந்த நொடியே டெமோ முடிந்தது. இரண்டு தனித்தனி குரோம் ப்ரொஃபைல் உருவாக்கி, ஆளுக்கொரு விண்டோ திறந்து, இடம் ஒன்று வலம் ஒன்றாக வையுங்கள். அடியில் டெர்மினலுக்கு ஒரு பட்டை விடுங்கள். மூன்றும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும் என்பதால் முழுத் திரையையும் ஷேர் செய்ய வேண்டியிருக்கும். அதற்கு முன் நோட்டிஃபிகேஷன்களை நிறுத்திவிடுங்கள். எழுத்தை 150 சதவீதமாவது பெரிதாக்குங்கள். எதிரில் இருப்பவர் உங்கள் திரையைத் தன் லேப்டாப்பின் ஒரு மூலையில் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்தது ஆஃப்லைன். வைஃபையை அணைத்துக் காட்டுவது நாடகத்தனமாக நன்றாகத்தான் இருக்கும், கூடவே நீங்களும் நேர்காணலிலிருந்து காணாமல் போவீர்கள். டெவ்டூல்ஸில் நெட்வொர்க் டேபில் `Offline` என்று தேர்ந்தெடுக்கலாம். ஆனால் டெவ்டூல்ஸைத் திறந்தே வைத்திருக்கும் வரைதான் அது செல்லும், இரண்டு விண்டோவிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், திரையிலும் இடம் போகும். எளிய வழி, சர்வரை லேப்டாப்பிலேயே ஓட்டி, டெர்மினலில் எல்லார் கண் முன்னாலும் `Ctrl+C` அழுத்தி நிறுத்துவது. இரண்டு போனுக்கும் ஒரே அடியில் தொடர்பு போய்விடும். எதையும் மறைக்கவில்லை என்பதும் தெரியும். இணையத்திலுள்ள இலவசச் சர்வரைவிட இது பாதுகாப்பும்கூட. அவற்றில் சில, கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் தூங்கிவிடும், எழுந்திருக்க ஒரு நிமிடம்கூட எடுக்கும். உங்களிடம் இருப்பது ஐந்து நிமிடம்.

இந்த வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. சர்வரை நிறுத்தினாலும் லேப்டாப்பில் இணையம் இருப்பதால் `navigator.onLine` தொடர்ந்து `true` என்றே சொல்லும். சர்வர் திரும்ப வந்ததும் ப்ரவுசரில் `online` நிகழ்வு எழாது. உங்கள் ஆப் அந்த நிகழ்வை மட்டும் நம்பி அனுப்பினால், பதிவுகள் அப்படியே கிடக்கும். இது டெமோவுக்கு மட்டுமான குறையல்ல. கடையிலும் டவர் சின்னம் இருக்கும், டேட்டா நகராது. எனவே குறிப்பிட்ட இடைவெளியில் தானே திரும்ப முயலும்படி எழுத வேண்டும். அந்த இடைவெளி 1, 2, 4, 8, 16 விநாடி என்று இரட்டித்துக்கொண்டே போகும்படி எழுதியிருந்தால் இன்னொரு தொல்லை: நீங்கள் ஒரு நிமிடம் சர்வர் இல்லாமல் பேசியிருப்பீர்கள், அடுத்த முயற்சி இன்னும் அரை நிமிடத்துக்கு அப்பால்கூட நிற்கலாம், நீங்கள் திரையை வெறித்துக்கொண்டிருப்பீர்கள். "இப்போது அனுப்பு" என்று ஒரு பட்டன் வையுங்கள். கடைக்காரருக்கும் அது உதவும்.

நேரில் போய்க் காட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. போனிலிருந்து லேப்டாப் சர்வரை `http://192.168.x.x` முகவரியில் திறந்தால் சர்வீஸ் வொர்க்கர் பதிவாகாது, `crypto.randomUUID()`-யும் இருக்காது. இரண்டும் எச்டிடிபிஎஸ்ஸிலோ `localhost`-இலோ மட்டுமே கிடைக்கும். அதற்காக யுஎஸ்பி கேபிள் மாட்டி இதை ஓட்டுவார்கள்:

```
adb reverse tcp:3000 tcp:3000
```

இப்போது போனின் `localhost:3000` லேப்டாப்பைத் தொடும், எல்லாம் வேலை செய்யும். ஆனால் போனை ஏர்பிளேன் மோடில் போட்டாலும் கேபிள் வழித் தொடர்பு அறுவதில்லை. "பாருங்க, ஆஃப்லைன்" என்று நீங்கள் சொல்லும்போதே பதிவு சர்வருக்குப் போய் உட்கார்ந்திருக்கும். இங்கேயும் சர்வரை நிறுத்துவதே சரி.

தொடங்குமுன் செய்ய வேண்டியது

ஒத்திகை பார்த்த பழைய பதிவுகள் கிடந்தால் 700-க்குப் பதில் 900 வரும். டேட்டாபேஸை அழித்து, ஒரு வாடிக்கையாளரையும் 500 ரூபாய்ப் பாக்கியையும் மட்டும் போடும் ஒரு கட்டளையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

```
npm run demo:reset
npm start
```

ப்ரவுசர்ப் பக்கமும் துடைக்க வேண்டும். இரண்டு ப்ரொஃபைலிலும் டெவ்டூல்ஸில் `Application` டேபில் `Clear site data` அழுத்துங்கள். அது சர்வீஸ் வொர்க்கரையும் சேர்த்தே நீக்கிவிடும். அதனால் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தை இரண்டு முறை திறந்துவிடுங்கள்: முதல் முறை வொர்க்கர் பதிவாகும், இரண்டாம் முறைதான் பக்கம் அதன் கட்டுப்பாட்டுக்கு வரும். இதை மறந்தால் சர்வரை நிறுத்தி ரீலோட் செய்ததும் ஆப் வராது, பிழைப் பக்கம் வரும். அதே டேபில் `Bypass for network` டிக் செய்திருக்கிறதா என்றும் பாருங்கள். டெவலப் செய்யும்போது போட்டு மறந்திருப்பீர்கள். டெமோவில் ரீலோட் செய்யும்போது சாதாரண ரீலோட் மட்டும். பழக்க தோஷத்தில் `Ctrl+Shift+R` அழுத்தினால் அது சர்வீஸ் வொர்க்கரைத் தாண்டிச் சென்று சர்வரைத் தேடும், அதே பிழைப் பக்கம்.

லாகின் முன்பே முடிந்திருக்கட்டும். வாடிக்கையாளர் பெயர்கள் கற்பனையாக இருக்கட்டும். உண்மையான கடையின் பெயரும் போன் நம்பரும் திரையில் ஓடினால், எங்கள் டேட்டாவையும் இப்படித்தான் வைத்திருப்பாரோ என்று பேனல் நினைக்கும்.

கடைசியாக, முழு ஓட்டத்தையும் ஒலியில்லாமல் ஒரு நிமிட வீடியோவாகப் பதிந்து லேப்டாப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். டிரைவில் அல்ல.

ஸ்கிரிப்ட்

கீழே இருப்பதைப் பேசும் தமிழில் எழுதியிருக்கிறேன். பேனல் எந்த மொழியில் பேசுகிறதோ அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள், வரிசையை மாற்றாதீர்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பது கை செய்ய வேண்டியது.

*தொடக்கம் முதல் 0:30 வரை*

"ஒரு மளிகைக் கடையில கடன் நோட்டு ரெண்டு பேர் எழுதுறாங்க. கல்லாவுல ஒருத்தர், உள்ள ஒருத்தர். ரெண்டு போன். கடைக்குள்ள சிக்னல் நம்ப முடியாது. அந்த நேரத்துல ரெண்டு பேரும் ஒரே ஆள் கணக்குல எழுதினாலும் ஒரு ரூபாகூடத் தப்பக் கூடாது. நான் செஞ்ச ஆப் அதுக்குத்தான். அந்த ஒரு விஷயத்த மட்டும் காட்டுறேன்."

பெயர், கல்லூரி, எந்தெந்த டெக்னாலஜி என்ற பட்டியல் எதுவும் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ரெஸ்யூமே அவர்கள் கையில் இருக்கிறது. லோகோக்கள் நிறைந்த ஸ்லைடு ஒன்றுக்கு நாற்பது விநாடி போகும், அதைப் பார்த்து யாரும் ஆளெடுத்ததில்லை.

*0:30 முதல் 2:20 வரை*

"இடப்பக்கம் கல்லா போன், வலப்பக்கம் உள்ள இருக்குற போன். ரெண்டும் தனித்தனி ப்ரவுசர் ப்ரொஃபைல், அதனால லோக்கல் டேட்டா தனித்தனி. கீழ ஓடுறது சர்வர். டீக்கடைக்காரருக்கு இப்ப ரெண்டு பக்கமும் பாக்கி 500."

(டெர்மினலில் `Ctrl+C`.)

"சர்வர நிறுத்திட்டேன். இப்ப ரெண்டு போனுக்கும் தொடர்பு இல்ல."

(இடப்பக்கம் 120 எழுதுங்கள். ஒரு மூச்சு பொறுங்கள்.)

"கல்லாவுல 120 ரூபாய்க்கு சர்க்கரை. பாக்கி 620. பக்கத்துல கடிகாரச் சின்னம் வருது, இன்னும் அனுப்பலன்னு அர்த்தம்."

(வலப்பக்கம் 80 எழுதுங்கள்.)

"அதே நேரம் உள்ள 80 ரூபாய்க்கு டீத்தூள். இங்க பாக்கி 580. இப்ப ரெண்டு போனும் ரெண்டு வேற பதில் சொல்லுது. ரெண்டுமே தப்பு."

(இங்கே இரண்டு விநாடி அமைதி. பேனல் 620-ஐயும் 580-ஐயும் பார்க்கட்டும்.)

"ஆப்ப மூடித் திறந்தாலும் போகாது."

(இடப்பக்கம் சாதாரண ரீலோட். 620 அப்படியே நிற்கும்.)

"சர்வர் திரும்ப வருது."

(`npm start`. இரண்டு பக்கமும் "இப்போது அனுப்பு".)

"ரெண்டுலயும் 700. சின்னம் போயிடுச்சு."

*2:20 முதல் 3:35 வரை*

"இது எப்படி வந்துச்சுன்னா, பாக்கிங்கற எண்ண நான் எங்கயும் சேமிக்கல. சேமிச்சிருந்தா கடைசியா வந்த போன் ஜெயிக்கும், 620 இல்லன்னா 580 நிக்கும், மத்தவர் எழுதினது போயிடும். அதனால ஒவ்வொரு பற்றையும் தனிப் பதிவா வெச்சேன். பாக்கி இந்த ஒரு வரியில வருது."

(`SELECT SUM` வரியைக் காட்டுங்கள். எடிட்டரில் அந்த வரி முன்பே திறந்திருக்க வேண்டும், கோப்பு தேடாதீர்கள்.)

"பதிவுகளத் திருத்தவே முடியாது. தப்பா எழுதிட்டா எதிர்ப்பதிவு போடணும், நோட்டுல அடிச்சு எழுதுற மாதிரி இல்லாம. இதனால நான் கொடுத்த விலை, பதிவுகள் பெருகிட்டே போகும், ஒவ்வொரு தடவையும் கூட்டணும். ஒரு கடை அளவுக்கு அது பிரச்சினை இல்ல. பெருசானா மாசக் கடைசியில ஒரு இருப்பு எழுதி, அதுக்கு அப்புறம் வந்தத மட்டும் கூட்டலாம். அத இன்னும் செய்யல, தேவை வரல."

*3:35 முதல் 4:20 வரை*

"சரியில்லாதது ரெண்டு. ஒண்ணு, ஐபோன்ல ஆப் மூடியிருக்கும்போது பின்னணியில அனுப்ப முடியாது, அந்த வசதி சஃபாரியில இல்ல. அடுத்த தடவ ஆப்ப திறக்குறப்பதான் போகும். ரெண்டு, பதிவோட நேரம் போன் கடிகாரத்திலிருந்து வருது. போன்ல தேதி தப்பா இருந்தா வரிசை மாறும். தொகை மாறாது, பட்டியல்ல இடம் மாறும். இதுதான் அடுத்து நான் சரி செய்யப் போறது. அவ்வளவுதான், கேள்வி இருந்தா கேளுங்க."

அத்துடன் நிறுத்துங்கள். "இன்னும் ஒரு வசதி இருக்கு, அதையும் காட்டிடறேன்" என்று மெனுவுக்குப் போகாதீர்கள்.

குறைகளைச் சொல்லும் பகுதியில் ஒரு எச்சரிக்கை. "யூஐ இன்னும் நல்லா பண்ணணும்", "டெஸ்ட் இன்னும் எழுதணும்" என்று பொதுவாகச் சொன்னால் அது குறையே அல்ல, எல்லா ஆப்புக்கும் பொருந்தும். எது, எப்போது, யாருக்கு உடையும், உடைந்தால் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்று சொல்லுங்கள். "தொகை மாறாது, பட்டியல்ல இடம் மாறும்" என்ற அந்த ஐந்து சொல்லுக்குப் பேனலில் தலையாட்டும் ஆளைப் பார்த்திருக்கிறேன்.

வேண்டுமென்றே சொல்லாமல் விட்டது

பேனலில் உள்ள சீனியர் பெரும்பாலும் கேட்கக்கூடியது: "சர்வர் பதிவை வாங்கி எழுதிடுச்சு, ஆனா பதில் போனுக்கு வர்றதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு. போன் திரும்ப அனுப்பும். அப்ப 120 ரெண்டு தடவை ஏறாதா?"

இதற்கு ஆப்பில் பதில் இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் அடையாள எண்ணைப் போனிலேயே உருவாக்குகிறோம், திரும்ப அனுப்பும்போதும் அதே எண்தான் போகிறது. சர்வர் அதே எண்ணை இரண்டாம் முறை கண்டால் ஒன்றும் செய்வதில்லை.

```sql
INSERT INTO entries (id, customer_id, amount, made_at)
VALUES ($1, $2, $3, $4)
ON CONFLICT (id) DO NOTHING;
```

இதை ஸ்கிரிப்டில் சேர்த்திருக்கலாம். சேர்த்தால் ஐந்து நிமிடத்தில் இரண்டு முடிவுகள் ஆகிவிடும், இரண்டும் பாதிப் பாதியாக நிற்கும். விட்டுவைத்தால் அவர் தானே யோசித்துக் கண்டுபிடித்த கேள்வியாக அது வரும். நீங்கள் அடுத்த டேபில் தயாராக வைத்திருந்த வரியைக் காட்டுவீர்கள். அதுதான் உரையாடல் தொடங்கும் இடம். இப்படி ஒரு கேள்வியையாவது உங்கள் ப்ராஜெக்டில் தேடி எடுத்து, ஸ்கிரிப்டிலிருந்து வெளியே வையுங்கள். அவர் கேட்கவே இல்லை என்றால் நட்டம் ஒன்றுமில்லை.

மேலாளர் கேட்பது வேறு மாதிரி இருக்கும்: "காத்தாபுக் மாதிரி ஆப் ஏற்கெனவே இருக்கே?" தற்காத்துக்கொள்ளக் கிளம்பாதீர்கள். "இருக்கு சார். கடைக்கு அதுவே போதும்னா அதத்தான் எடுக்கச் சொல்லுவேன். ரெண்டு போன் ஆஃப்லைன்ல எழுதினா கணக்கு எப்படிச் சேருதுன்னு நானே செஞ்சு பாக்கணும்னு எழுதினது இது" என்பது நேர்மையான பதில். எச்ஆரிலிருந்து வருபவர் "இதுல நீங்க மட்டும் செஞ்சது எது?" என்பார். நண்பர் டிசைன் செய்தாரென்றால் அதைச் சொல்லிவிடுங்கள். டுடோரியலிலிருந்து எடுத்த பகுதி இருந்தால் அதையும். கோடைப் பற்றிய அடுத்த கேள்வியில் எப்படியும் அது தெரிந்துவிடும்.

நடுவில் உடைந்தால்

ஒரே விதி: ஒரு முறை மட்டும் முயலுங்கள். `npm start` எழவில்லை என்றால், போர்ட்டில் பழைய ப்ராசஸ் உட்கார்ந்திருக்கலாம். திரையில் `EADDRINUSE` என்று வரும். காரணம் தெரிந்தால் வாயால் சொல்லுங்கள்: "பழைய ப்ராசஸ் போர்ட்ட விடல." ஒரு முறை சரி செய்து பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால், "இதே ஓட்டத்தோட வீடியோ இருக்கு, அதுல தொடர்றேன்" என்று சொல்லி வீடியோவுக்குப் போய், அதன் மேல் அதே ஸ்கிரிப்டைப் பேசுங்கள். ஒலியில்லாமல் பதியச் சொன்னது இதற்குத்தான். மன்னிப்பு ஒரு முறை போதும். டெமோ உடைந்ததற்காக மதிப்பெண் குறைப்பவர்கள் குறைவு. மூன்று நிமிடம் அமைதியாக டெர்மினலோடு மல்லுக்கட்டுபவரிடம் எதைக் கேட்டு மதிப்பிடுவது என்பதுதான் சங்கடம்.

700 வராமல் 620-இலேயே நின்றால் பயப்பட வேண்டாம். கடிகாரச் சின்னத்தைப் பாருங்கள். சின்னம் இன்னும் இருந்தால் பதிவு அனுப்பப்படவில்லை, பட்டனை மறுபடி அழுத்துங்கள். சின்னம் போயும் 620 என்றால் மறுபக்கத்தின் பதிவு இன்னும் இறங்கவில்லை, ஒரு ரீலோட் போதும். இந்த இரண்டையும் பார்த்தவுடன் பிரித்துச் சொல்லவே அந்தச் சின்னத்தை ஆப்பில் வைத்தது.

நேரம் குறைந்தால்

முந்தைய சுற்று நீண்டு, "மூணு நிமிஷத்துல முடிச்சிருங்க" என்பார்கள். வேகத்தைக் கூட்டாதீர்கள். முதலில் விட வேண்டியது ரீலோட் செய்து காட்டும் பகுதி. அடுத்து, விலை பற்றிய பேச்சில் மாதக் கடைசி இருப்பு பற்றிய வாக்கியங்கள். அதன் பிறகு இரண்டு குறைகளில் ஐபோன் பற்றியது. கடிகாரக் குறையை வையுங்கள், அது உங்கள் முடிவோடு ஒட்டியது. 620-ம் 580-ம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் அந்த இரண்டு விநாடி அமைதியை மட்டும் எந்த நிலையிலும் வெட்டாதீர்கள்.

நடுவில் குறுக்கிட்டுக் கேள்வி கேட்டால், செய்துகொண்டிருக்கும் செயல் முடியும் இடம் வரை கொண்டுபோய் நிறுத்திப் பதில் சொல்லுங்கள். சர்வரை நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் எழுதிய நிலையில் பேச்சு திரும்பினால், பத்து நிமிடம் கழித்து எங்கே விட்டோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. கேள்வி சரியாக உங்கள் மூன்றாம் பகுதியைத் தொட்டால், அங்கேயே தாவிப் போய் `SUM` வரியைத் திறந்துவிடுங்கள், மீதி டெமோ நடக்காவிட்டாலும் பரவாயில்லை.